கடையில் இல்லாத மெஷின்

என் நாத்தனார் வாசலில் செருப்பை ஒழுங்காகக் கழற்றி, ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தால் பாலிசி புதுப்பிக்கும் மாதம் வந்துவிட்டது என்று அர்த்தம். மற்ற நாளில் செருப்பு ஒன்று கிழக்கே கிடக்கும், ஒன்று மேற்கே கிடக்கும். பத்து வருடமாகப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?

அவள் என் கணவரின் தங்கை. இன்சூரன்ஸ் ஏஜென்ட். எங்களுடையது கண்ணாடிக்கடை. மூக்குக் கண்ணாடி. நான் கண் பார்த்துப் பவர் எழுதுவேன், என் கணவர் லென்ஸை அறுத்து, தேய்த்து, ஃபிரேமில் பொருத்துவார். கடையின் பாலிசியைச் சொந்தத்துக்குள் கொடுக்கவில்லையென்றால் மாமியார் வீட்டில் யாரும் சோறு தின்ன மாட்டார்கள் என்பதால் அவளிடம்தான் போட்டிருந்தோம்.

போன வருடம் புதுப்பிக்க வந்தபோது சோபாவில் உட்கார்ந்து, விண்ணப்பத்தைக் கைநீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் படித்தாள். நாற்பது தாண்டினால் எல்லாருக்கும் வருவதுதான். ஒரு ரீடிங் கண்ணாடி போட்டால் தீர்ந்தது. ஒரு வருடமாக அவள் இப்படிச் சிரமப்படுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணாடிக்கடை வைத்திருக்கும் அண்ணியிடம் வாய் திறந்து கேட்டால் என்ன, முத்தா உதிர்ந்துவிடும்? கேட்கட்டும், செய்வோம் என்று இருந்தேன்.

"அண்ணி, ஃபயர் பாலிசி எப்பவும் போல. கூடவே ரயட் கவர், அதையும் போட்டுடறேன்" என்றாள்.

"அது என்னது?"

"வேலைநிறுத்தம், கலவரம், வேணும்னே உடைக்கிறது. இந்த மூணும். கும்பல் வந்து கல்லெறிஞ்சா, கடைக்குள்ள பூந்து அடிச்சு நொறுக்கினா கிடைக்கும். போன வருஷமும் இருந்துச்சே."

"அதுக்குத் தனியா காசா?"

"கொஞ்சம்தான் அண்ணி."

கொஞ்சம்தான். எனக்குத் தெரியும் அவளுடைய கொஞ்சம். அந்த வாரம்தான் அவள் புது ஸ்கூட்டர் வாங்கியிருந்தாள். நம் தலையில் மிளகாய் அரைத்துத்தான் சக்கரம் சுற்றுகிறது என்று எனக்குள் ஒரு எரிச்சல். "நம்ம தெருவுல எந்தக் காலத்துல கலவரம் வந்துச்சு? தீக்குத்தான் பாலிசி இருக்கே, போதும்" என்று சொல்லி, அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி, அந்த வரியை நானே அடித்தேன். ஸ்கேல் வைத்து நேர்க்கோடாக அடித்தேன். என் கணவர் டீவியிலிருந்து தலையைத் திருப்பவில்லை. தங்கைக்கும் மனைவிக்கும் நடுவில் வந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

அவள் "சரிங்கண்ணி, உங்க இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, காபி குடிக்காமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு கல்யாணம், காதுகுத்து அளவில்தான் இருந்தது.

அந்த வருடம்தான் கண் டெஸ்ட் மெஷின் வாங்கினோம். ஆறு வருடச் சேமிப்பு. முகவாயை வைத்து, நெற்றியை ஒட்டி உட்கார்ந்தால் அரை நிமிடத்தில் இரண்டு கண்ணின் பவரையும் காகிதத்தில் அடித்துத் தந்துவிடும். எதிர்ச்சாரியில் ஒரு பெரிய கம்பெனிக் கடை வந்திருந்தது, ஏசியும் மெஷினுமாக. மெஷின் இல்லாமல் பழைய பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு லென்ஸாக மூக்கில் மாட்டிய சட்டத்தில் போட்டு, "இது நல்லா தெரியுதா, அது நல்லா தெரியுதா" என்று கேட்டால், வருகிறவர்கள் தெருவைக் கடந்து அங்கே போய்விடுவார்கள். மெஷின் வந்த பிறகுதான் கூட்டம் திரும்பியது. என் கடை பிழைத்துக் கிடப்பதே அந்த மெஷினால்தான். அதையும் பாலிசியில் சேர்க்கும்படி என் கணவர் தங்கையிடம் சொல்லி, பட்டியலில் ஏற்றியாயிற்று.

பிறகுதான் அந்த எரிபொருள் விலைத் தகராறு. முதலில் லாரிக்காரர்கள் நிறுத்தினார்கள், அப்புறம் பஸ். தினம் ஒரு ஊர்வலம். எங்கள் கடை மெயின் ரோட்டில், நால்ரோட்டுக்கு மூன்று கடை தள்ளி. கோஷம் கேட்டால் ஷட்டரைப் பாதி இறக்குவோம், கூட்டம் போனதும் ஏற்றுவோம். முழுசாகத் திறந்து வைத்தால் "என்னடா, உனக்கு மட்டும் வியாபாரமா?" என்பார்கள், முழுசாக மூடினால் வாடகை யார் தருவது? ஒருநாள் நானும் பக்கத்துத் தையல்கடைக்காரரும் பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றோம். நூறு, இருநூறு கால்கள். அதில் ஒரு ஜோடி நின்று எங்கள் பக்கம் திரும்பியது. பிறகு அந்தக் கால்களும் போய்விட்டன.

அன்று மத்தியானச் செய்தியில் சொன்னார்கள், இந்த மாதம் பதினெட்டாம் தேதி முழு பந்த். அன்றைக்குத் தேதி ஒன்று.

மானம் பார்த்தால் கடை போய்விடும். போனை எடுத்தேன்.

"அண்ணியா?" என்றாள் நாத்தனார். அவளுக்கு ஆச்சரியம், எனக்கு அவமானம்.

"அந்த ரயட் கவர் இருக்கே... அதை இப்ப போட முடியுமாம்மா?"

குத்திக்காட்டப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் குத்திக்காட்டவில்லை. அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"போடலாம் அண்ணி. ஆனா வருஷ நடுவுல கேட்டா உடனே ஆரம்பிக்காது. பணம் எங்க ஆபீசுக்கு வந்து சேர்ந்து பதினஞ்சு நாள் கழிச்சுதான் அமலுக்கு வரும். கலவரம் வாசலுக்கு வந்தப்புறம் எல்லாரும் ஓடி வருவாங்கல்ல, அதுக்காக வச்ச விதி. இன்னைக்கே கட்டிடுங்க, பதினாறாம் தேதி ஆரம்பமாயிடும். பந்துக்கு ரெண்டு நாள் முன்னாடி."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் கல்லு விழுந்தா ஒண்ணும் கிடைக்காது. கும்பல் தீ வச்சாக்கூட கிடைக்காது."

"தீக்கு ஃபயர் பாலிசி இருக்கேம்மா!"

"அடுப்புல பத்தினா, ஒயர்ல பத்தினா கிடைக்கும். கலவரக்காரங்க வச்ச தீ கலவரக் கணக்கு. அந்த வரியத்தான் நாம அடிச்சுட்டோமே."

நாம என்றாள். நான் அடித்ததை நாம என்று சொன்னாள். அப்போது அதுகூட எனக்கு நக்கலாகத்தான் பட்டது.

"இன்னொண்ணு கேளுங்கண்ணி. பூட்டியிருக்கிற நாளுக்கான வியாபார நஷ்டம் இதுல வராது. சாமானைத் தூக்கிட்டுப் போனா அது திருட்டு, அதுவும் இதுல வராது. உடைச்சது, நொறுக்கினது, எரிச்சது, அவ்வளவுதான். அதுவும் பாலிசியில எழுதியிருக்கிற முகவரியில இருக்கிற சாமானுக்குத்தான். கடையில இருந்து எதையாவது நகர்த்தறதா இருந்தா முதல்ல எனக்கு ஒரு போன் பண்ணுங்க. ஒரே ஒரு போன்."

"ஆகட்டும் ஆகட்டும்" என்று சொல்லி வைத்தேன். அன்றே என் கணவரை அனுப்பிப் பணத்தைக் கட்டி ரசீது வாங்கினோம்.

அந்தப் பதினைந்து நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலண்டரைக் கிழிக்கும்போதே அடுத்த தாளைத் தூக்கிப் பார்ப்பேன். ஊர்வலச் சத்தம் கேட்டால் கை தானாகக் கண் மெஷினின் உறையைத் தேடிப் போகும். உறை என்ன இரும்பா? வெறும் துணி. பதினோராம் தேதி நால்ரோட்டில் மருந்துக்கடையின் பெயர்ப்பலகையை உடைத்தார்கள். சத்தம் எங்கள் கடைக்குள் கேட்டது. நான் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். நான் டார்ச்சோடு எழுந்து நின்றதில் அந்த அம்மாள் பயந்துபோய், "எனக்கு ஏதாவது பெருசா இருக்கா டாக்டர்?" என்று கேட்டாள். உங்களுக்கு ஒன்றுமில்லை தாயே, எனக்குத்தான் என்று சொல்ல நினைத்தேன்.

அன்றைக்கே என் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவன் வீடு இரண்டு தெரு உள்ளே தள்ளி. வாசலில் தகரக் கதவு போட்ட கார் ஷெட். கார் கிடையாது, அவன் வாங்குவான் வாங்குவான் என்று ஷெட் மட்டும் எட்டு வருடமாகக் காத்திருக்கிறது. வந்தான். மூன்று பேருமாகக் கண் மெஷினைப் பஞ்சு மெத்தையில் படுக்க வைத்து, தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுபோவது மாதிரி கொண்டுபோய் ஷெட்டில் வைத்தோம். லென்ஸ் தேய்க்கும் மெஷின் தரையோடு போல்ட் போட்டது, அதை அசைக்க முடியவில்லை.

"தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமா?" என்றார் என் கணவர்.

"பதினாறு வரைக்கும் கடையில இருந்தாலும் கவர் கிடையாது. அப்புறம் அவகிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது?" என்றேன்.

அது சரியான பேச்சுதான். அன்றைக்குச் சரி. கடையிலும் கவர் இல்லை, ஷெட்டிலும் கவர் இல்லை, ஷெட்டிலாவது பத்திரம். ஆனால் பதினாறாம் தேதி விடிந்தபோது கதை மாறிவிட்டது. கடைக்குக் கவர் வந்துவிட்டது, ஷெட்டுக்கு வரவில்லை. எனக்கு அது தெரியாமல் இல்லை. பல் தேய்க்கும்போதே நினைத்தேன், இப்போது மெஷினைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமா என்று. அவளைக் கேட்டால் தெரியும். ஒரே ஒரு போன் என்றாளே. போனைக் கையில் எடுத்தேன். பேசினால், "ஏன் முதல்லயே சொல்லல?" என்பாள். பதினைந்து நாளில் இரண்டாவது தடவை அவளிடம் போய் நிற்க வேண்டும். என் அண்ணன் வீட்டுக் கதவை விடவா அவளுடைய காகிதம் பெரிது என்று ஒரு வீம்பு. போனைக் கீழே வைத்துவிட்டு வாயைக் கொப்பளித்தேன்.

"மெஷின் அங்கயே இருக்கட்டுமா?" என்று இவர் கேட்டார்.

"இருக்கட்டும். உள் தெருவுக்கு எவன் வரப் போறான்?"

பதினெட்டாம் தேதி வீட்டிலேயே இருந்தோம். தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. காலை பத்து மணிவரை ஒன்றும் இல்லை, எனக்கு மூச்சு கொஞ்சம் கீழே இறங்கியது. பத்தரைக்குத் தையல்கடைக்காரர் போன் செய்தார். அவர் கடைக்கு மேலேயே குடியிருப்பவர்.

"ம்மா, உங்க ஷட்டரைக் கடப்பாரை போட்டு நெம்பிட்டாங்க. உள்ள பூந்துட்டாங்க. நான் மாடியில இருந்து கத்தினேன், என்னை நோக்கியும் கல்லு வருது. நீங்க வந்துடாதீங்க."

பின்னால் கண்ணாடி உடையும் சத்தம் போனிலேயே கேட்டது. என் கடையின் சத்தம். எந்த அலமாரி என்றுகூட எனக்குத் தெரிந்தது. இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார், நான் கதவுக்குக் குறுக்கே நின்றேன். "மெஷின் அங்க இல்லல்ல, மெஷின் அங்க இல்லல்ல" என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பார்த்தாயா என் புத்தியை என்று.

பன்னிரண்டு மணிக்கு என் அண்ணன் போன் வந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான். மெயின் ரோட்டில் போலீஸ் விரட்டியதும் கும்பல் உள் தெருக்களுக்குள் சிதறியிருக்கிறது. ஓடுகிற ஓட்டத்தில் ஷெட்டை ஒட்டி நின்ற யாருடைய பைக்குக்கோ தீ வைத்துவிட்டார்கள். தகரக் கதவு பழுத்துப்போய், உள்ளே மெத்தை பிடித்துக்கொண்டது. பஞ்சு மெத்தை. நாங்களே பார்த்துப் பார்த்துப் போட்ட மெத்தை. மெஷின் உருகி அதோடு ஒட்டிக் கிடக்கிறது என்றான்.

நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவர் தண்ணீர் கொண்டுவந்தார். குடிக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் நாங்கள் கடைக்குப் போனபோது நாத்தனார் எங்களுக்கு முன்பே அங்கே நின்றாள். வளைந்த ஷட்டரைப் பார்த்து, "அய்யோ அண்ணா" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மளமளவென்று வேலை. துடைப்பத்தை எடுத்த என்னைத் தடுத்தாள்.

"எதையும் பெருக்காதீங்கண்ணி. கம்பெனி சர்வேயர் வந்து நஷ்டத்தைப் பார்த்துப் படம் எடுக்கணும். உடைஞ்ச துண்டுகூட இங்கேயே கிடக்கட்டும். அண்ணா, நீங்க போய் போலீஸ்ல எழுதிக் கொடுத்து நகல் வாங்கிட்டு வாங்க. ஆபீசுக்கு நான் நேத்தே தகவல் சொல்லிட்டேன்."

முகப்புக் கண்ணாடி முழுக்கப் போயிருந்தது. லென்ஸ் தேய்க்கும் மெஷினின் தலையைக் கடப்பாரையால் அடித்திருந்தார்கள். அலமாரி, மேஜை, கண்ணாடிப் பெட்டிகள், மிதித்து நொறுக்கிய ஃபிரேம்கள். கண் மெஷின் இருக்க வேண்டிய மேஜை கவிழ்ந்து கிடந்தது. அவள் அந்த மேஜையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் துடைப்பத்தைக் கொண்டுபோய் மூலையில் சாத்தினேன்.

அன்று மத்தியானம் என் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தான். கருவிகள் பழுது பார்க்கும் ஒருவரின் பில். பன்னிரண்டாம் தேதி போட்டு, கண் டெஸ்ட் மெஷின் சர்வீசுக்காக எடுக்கப்பட்டது என்று எழுதியிருந்தது.

"நான் விசாரிச்சுட்டேன். ரிப்பேருக்காகத் தற்காலிகமா வேற இடத்துக்குக் கொண்டு போயிருந்தா, அதுக்குன்னு ஒரு விதி இருக்காம், ஓரளவு தருவாங்களாம். பயந்துபோய் எடுத்து வச்சா தர மாட்டாங்களாம். மெக்கானிக் நம்ம ஆளு. எங்க ஷெட்லதான் வச்சு ரிப்பேர் பார்த்தேன்னு சொல்லிடுவான். உனக்கு என்னால வந்த நஷ்டம், நான்தானே ஏதாவது பண்ணணும்?"

அவன் கண்கள் சிவந்திருந்தன. என் கணவர் அந்தக் காகிதத்தைத் தொடவில்லை. "உன் இஷ்டம்" என்றார். இந்த வீட்டில் எல்லாரும் எனக்கு இஷ்டத்தையே கொடுக்கிறார்கள், புத்தி யாரும் கொடுப்பதில்லை என்று கத்தினேன். கத்திவிட்டு அந்தப் பில்லை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சர்வேயர் அடுத்த நாள் பதினொரு மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர். கண்ணாடித் துண்டுகளின் மேல் அவர் நடந்தபோது ஒவ்வொரு அடியும் நறுக் நறுக்கென்றது. ஷட்டரின் வளைவை, கடப்பாரைத் தழும்பை, மெஷினின் தலையைப் படம் எடுத்தார். நொறுங்கிய ஃபிரேம்களை எண்ணினார்.

"இந்த வரிசை காலியா இருக்கே?"

"தூக்கிட்டுப் போயிட்டாங்க சார்" என்றார் என் கணவர்.

"அதைத் தனியா எழுதறேன். ஆனா அது இந்தக் கவர்ல வராது, உங்களுக்குத் தெரியும்ல?"

"சொல்லியிருக்கேன் சார்" என்றாள் நாத்தனார்.

அவர் பட்டியலைப் புரட்டினார். "கண் டெஸ்ட் மெஷின் ஒண்ணு இருக்கணுமே. எங்கம்மா அது?"

என் கை கைப்பைக்குள் போய்விட்டது. பில்லின் மடிப்பு விரலில் பட்டது. ஒரே வார்த்தை, சர்வீஸ். அவர் நீட்டியிருந்த படிவத்தின் அடியில், கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே ஒரு வரி இருந்தது: கோரிக்கையில் எந்தப் பகுதி பொய்யானாலும் முழுக் கோரிக்கையும் ரத்து. படித்தேன். ஆனால் பொய் சொல்லாதவள் என்று என்னை யாரும் நினைத்துவிட வேண்டாம், அந்த வரி மட்டும் என்னை நிறுத்தியிருக்காது. மெக்கானிக் நம்ம ஆளு. யாருக்குத் தெரியப் போகிறது? எனக்கு என் மெஷின் வேண்டும். அதில்லாமல் எதிர்ச்சாரியைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் கடை நடத்துவேன்?

சர்வேயர் பேனாவால் பட்டியலைத் தட்டி, "எங்கம்மா?" என்று மறுபடி கேட்டார். அப்போது நாத்தனார் சொன்னாள்: "அவசரப்படுத்தாதீங்க சார். எங்கண்ணி என்ன சொல்றாங்களோ அதை அப்படியே எழுதிக்கங்க. அது சரியா இருக்கும்."

இதை அவள் என் முகத்தைப் பார்க்காமல், படிவத்தைத் தூரத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே சொன்னாள். போன வருடம் நேர்க்கோடு போட்டு அடித்தவளுக்காகச் சொன்னாள். என் பொய்யின் கீழே அவள் பெயரும் இருக்கும், அவள் லைசென்ஸும் இருக்கும். பில்லை விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தேன்.

"பதினொண்ணாந்தேதி பயந்துபோய் நாங்களே எடுத்துட்டுப் போனோம் சார்" என்றேன். "எங்க அண்ணன் வீட்டு ஷெட்டுக்கு. அங்க எரிஞ்சு போச்சு."

"ரிப்பேருக்கா?"

"இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு. பத்திரமா இருக்கட்டும்னு."

அவர் பேனாவால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஏதோ எழுதினார். "வேற இடம்மா. இதை நான் சேர்க்க முடியாது" என்றார், கொஞ்சம் தணிந்த குரலில். "இங்கயே இருந்து உடைஞ்சிருந்தா சேர்த்திருப்பேன். மத்ததெல்லாம் போகும். பழசானதுக்குக் கழிவு உண்டு, உங்க பங்குன்னு முதல்ல ஒரு சின்னத் தொகையும் கழியும். முகப்பு, தேய்க்கிற மெஷின், ஃபர்னிச்சர், உடைஞ்ச ஸ்டாக், இதெல்லாம் வரும்."

அவர் போன பிறகு மூன்று பேரும் உடைந்த கடைக்குள் நின்றோம். இவர் டீ வாங்கிவர வெளியே போனார். அழுகைக்கு இடம் விட்டுத்தான் போனார், டீக்கடை அன்றைக்குத் திறக்கவே இல்லை.

"மெஷினை எடுத்தது எனக்குத் தெரியும் அண்ணி" என்றாள் நாத்தனார்.

நான் திரும்பினேன்.

"பதினாறாந்தேதி காலையில கவர் ஆரம்பிச்சிடுச்சேன்னு ஒரு எட்டு பார்க்கலாம்னு இந்தப் பக்கம் வந்தேன். வண்டியில உட்கார்ந்தபடியே கண்ணாடி வழியாப் பார்த்தேன். மேஜை இருக்கு, மெஷின் இல்ல. எங்கயோ நகர்த்திட்டாங்கன்னு புரிஞ்சுது. இன்னைக்கே திரும்பக் கொண்டாந்து வைங்கன்னு சொல்ல போனை எடுத்தேன்."

"எடுத்து?"

"பேனாவை என் கையில இருந்து பிடுங்கினீங்களே, அது ஞாபகம் வந்துச்சு." "ஒரே ஒரு போன் பண்ணுங்கன்னு சொல்லியிருக்கேன்ல. அவங்களே பண்ணட்டும், கேட்கட்டும்னு இருந்துட்டேன். ரெண்டு நாள் இருந்துட்டேன் அண்ணி. என் வேலையே அதுதான், நான் பண்ணியிருக்கணும்."

எனக்குக் கோபம் வந்ததா? வந்தது. பற்றிக்கொண்டு வந்தது. "அடிப்பாவி!" என்றுகூடச் சொல்லிவிட்டேன். ஒரு போன். பதினாறாம் தேதி காலை அவள் கையில் ஒன்று, என் கையில் ஒன்று, இரண்டையும் வைத்துவிட்டோம். கத்த வாயைத் திறந்தால், அந்தக் காலையில் நான் வாயைக் கொப்பளித்தது நினைவுக்கு வந்து குரல் எழும்பவில்லை. அவள் கைக்குட்டையைத் தேடிப் பையைத் துழாவினாள். என் கைப்பையிலிருந்து கைக்கு வந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அது அந்தப் பில். அவள் அதைத் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, படிக்கப் பார்த்தாள்.

"என்னண்ணி இது? பொடி எழுத்தா இருக்கு."

"ஒண்ணுமில்ல. கொடு." வாங்கி நான்காகக் கிழித்தேன்.

பிறகு கவிழ்ந்த அலமாரிக்குப் பின்னால் கையை விட்டேன். பழைய லென்ஸ் பெட்டி அங்கேதான் இருந்தது. தூக்கிக்கொண்டு போக யாருக்கும் தோன்றாத மரப்பெட்டி. மேல் வரிசை உடைந்திருந்தது, கீழ் வரிசைகள் முழுசாக இருந்தன. ஒரு ஸ்டூலைத் துடைத்து நிமிர்த்தினேன்.

"உட்காரு" என்றேன்.

"எதுக்கு அண்ணி?"

"உட்காருன்னா உட்காரு."

சட்டத்தை அவள் மூக்கில் மாட்டி, இரண்டு கண்ணுக்கும் லென்ஸைப் போட்டு, சுவரிலிருந்து விழுந்து கிடந்த படிக்கும் அட்டையை எடுத்துத் தூசி தட்டி அவள் கையில் கொடுத்தேன். அவள் வழக்கம்போல் கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்து மடக்கிப் பக்கத்தில் கொண்டுவந்தேன்.

"கடைசி வரியைப் படி."

படித்தாள். தடங்கலில்லாமல், ஒரு எழுத்து விடாமல் படித்தாள். படித்து முடித்துவிட்டு அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும்டி" என்றேன். "நீயா கேட்கட்டும்னு இருந்தேன்."